முந்நூறு பக்கப் பேச்சும் ஒரு பக்க அட்டவணையும்

ஒரு மணி நேரப் பேட்டியைக் கேட்டு அப்படியே எழுதினால் இருபது பக்கமாவது வரும். பதினைந்து பேரிடம் பேசியிருந்தால் முந்நூறு பக்கம். ஆய்வரங்கில் அதைச் சொல்லக் கிடைப்பதோ கால் மணி நேரம். சமூகப்பணி, செவிலியர் படிப்பு மாணவர்கள் பலர் இந்த இடத்தில் திணறி, பிடித்த நாலு வாக்கியங்களை மட்டும் எடுத்துத் திரையில் போட்டுவிடுகிறார்கள். மற்றவர்கள் சொன்னது என்ன ஆயிற்று என்று யாராவது கேட்டால் பதில் இருக்காது. அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லத்தான் குறியீட்டு அட்டவணை.

ஓர் ஆய்வைக் கற்பனை செய்துகொள்வோம். ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை எடுக்கும் பெண்கள் ஏன் இடையில் நிறுத்துகிறார்கள் என்பது கேள்வி. கட்டட வேலைக்குப் போகும் ஒருவர் இப்படிச் சொல்கிறார்: "மாத்திரை காசில்லாமதான் குடுக்குறாங்க. ஆனா வாங்கப் போனா அன்னிக்குக் கூலி போச்சு. தலைசுத்தல் இல்லாதப்ப எதுக்குன்னும் தோணும்."

முதல் வேலை, எழுத்துப்படியைத் தயார் செய்வது. பெயரை எடுத்துவிட்டு ப1, ப2 என்று அடையாளம் தர வேண்டும். ஊர், வேலை பார்க்கும் இடம் என ஆளைக் காட்டிக்கொடுக்கும் விவரங்களும் போக வேண்டும். வரிக்கு வரி எண் போட வேண்டும். சலிப்பூட்டும் வேலைதான். ஆனால் பின்னால் எந்த மேற்கோளையும் அதன் இடத்தில் போய்ப் பார்க்க இந்த எண்தான் வழி. பேச்சுத் தமிழை எழுத்துத் தமிழாகத் திருத்தக் கூடாது. நிறுத்தம், சிரிப்பு, பெருமூச்சு ஆகியவற்றையும் குறித்துக்கொள்வது நல்லது.

அடுத்தது குறியீடு. ஒரு துண்டுப் பேச்சு என்ன சொல்கிறது என்பதற்கு நாம் வைக்கும் சிறு பெயர் அது. மேலே உள்ள மூன்று வாக்கியங்களுக்கு 'செலவு' என்று ஒரே சொல்லை எழுதிவிடலாம். அப்படி எழுதினால் அந்தப் பெண் சொன்னது தொலைந்துவிடும். அவர் மாத்திரையின் விலையைப் பற்றிப் பேசவே இல்லை, போய்வரும் நாளைப் பற்றிப் பேசுகிறார். கடைசி வாக்கியம் முற்றிலும் வேறு விஷயம். ஆகவே குறியீட்டில் ஒரு செயலோ காரணமோ தெரிய வேண்டும்.

| யார், வரி | சொன்னது | குறியீடு | கருப்பொருள் |
|---|---|---|---|
| ப1, 42 | "வாங்கப் போனா அன்னிக்குக் கூலி போச்சு" | மாத்திரைக்காக ஒரு நாள் கூலியை இழப்பது | இலவச மாத்திரைக்கும் ஒரு விலை உண்டு |
| ப4, 17 | "காலைல போனா மத்தியானம்தான் வரமுடியும்" | வரிசையில் அரைநாள் போவது | இலவச மாத்திரைக்கும் ஒரு விலை உண்டு |
| ப1, 43 | "தலைசுத்தல் இல்லாதப்ப எதுக்குன்னும் தோணும்" | தொந்தரவு இல்லையென்றால் நிறுத்துவது | உடம்பு சொல்வதே நோயின் அளவுகோல் |

கடைசிப் பத்தியில்தான் பெரும்பாலானவர்கள் சறுக்குகிறார்கள். 'பொருளாதாரக் காரணங்கள்', 'மருத்துவமனைச் சிக்கல்கள்' என்று எழுதினால் அது வெறும் தலைப்பு. பேட்டி எடுக்கும் முன்பே அதை எழுதியிருக்க முடியும். இந்த முறையை 2006-ல் ஒழுங்குபடுத்தி எழுதிய விர்ஜீனியா பிரவுன், விக்டோரியா கிளார்க் இருவரும் பின்னாளில் திரும்பத் திரும்ப எச்சரித்தது இதைத்தான். கருப்பொருள் என்றால் தரவை அலசி நாம் உருவாக்கும் ஒரு கூற்று. அதை முழு வாக்கியமாகச் சொல்ல முடிகிறதா என்று பார்த்தாலே வித்தியாசம் தெரிந்துவிடும். கருப்பொருள்கள் நாம் கேட்ட கேள்விகளையே வரிசைப்படி ஒத்திருந்தால், பதில்களை அடுக்கி வைத்திருக்கிறோம், இன்னும் அலசவில்லை என்று பொருள்.

இன்னொரு பழக்கமும் உண்டு: 'பதினைந்தில் ஒன்பது பேர் சொன்னார்கள்' என்று எண்ணிக் காட்டுவது. எல்லாரிடமும் ஒரே கேள்வியை ஒரே மாதிரி கேட்கவில்லை என்றால் அந்த எண்ணுக்கு அதிக மதிப்பில்லை. சொல்லாதவர் அதை மறுத்தார் என்றாகிவிடாது. ஒரு கருப்பொருள் முழுக்க ஒரே ஆளின் பேச்சில் நிற்கிறதா என்று சரிபார்க்க மட்டும் எண்ணிப் பார்க்கலாம்.

எதிலும் சேராத பேச்சுகள் நிச்சயம் மிஞ்சும். அவற்றை அழித்துவிடக் கூடாது. இதே ஆய்வில் ப9 தினக்கூலிதான், ஆனால் மாத்திரையை ஒருநாளும் விட்டதில்லை என்று வைத்துக்கொள்வோம். எழுத்துப்படிக்குத் திரும்பிப் போனால், மருமகள் போய் வாங்கிவருவது தெரிகிறது. இதனால் முதல் கருப்பொருள் பொய்யாகவில்லை, கூர்மையாகிறது: அந்த விலையைக் கொடுக்க வீட்டில் வேறு ஆள் இல்லாதவர்களே மாத்திரையை நிறுத்துகிறார்கள். இதன்பின் ப1, ப4 உட்பட எல்லாருடைய எழுத்துப்படிகளையும், அவர்களுக்காகப் போய்வர வீட்டில் யாராவது இருக்கிறார்களா என்ற கேள்வியோடு மறுபடி படிக்க வேண்டும்.

மேடைக்கு முழு அட்டவணையைக் கொண்டுபோக வேண்டாம். நாற்பது வரி எழுத்து திரையில் யார் கண்ணுக்கும் தெரியாது. ஒரு திரைக்கு ஒரு கருப்பொருள், அதற்கு இரண்டு மேற்கோள், பொருந்தாத குரல் ஒன்று போதும். முழு அட்டவணையை அச்சிட்டுக் கையில் வைத்துக்கொண்டால், யார் கேட்டாலும் வரி எண்ணோடு எடுத்துக் காட்டலாம்.