இலை எடுக்க யார்?

சித்திரைத் திருவிழாவில் மீனாட்சி திருக்கல்யாணம் நடைபெறும் நாளில், மதுரை சேதுபதி பள்ளி வளாகத்தில் கல்யாண விருந்து நடைபெறுவதை நம்மில் பலர் அறிவோம். பழமுதிர்சோலை திருவருள் முருகன் பக்த சபையினர் அதனை நடத்துகின்றனர். முதல் நாளே பக்தர்கள் அரிவாள்மனையும் கத்தியுமாகக் காய்கறி நறுக்க வந்து அமர்ந்துவிடுவர். மறுநாள் உண்டு எழுந்தவர்கள், உறவினர் வீட்டுக் கல்யாணம் போலவே மொய் எழுதிச் செல்வர்.

அதைக் கண்டு எங்கள் தெருவிலும் ஐந்நூறு பேருக்கு அன்னதானம் செய்தோம். வங்கியில் பணியாற்றியவன் என்பதால், தொண்டர்களுக்குப் பணி ஒதுக்கும் பட்டியல் என் பொறுப்பாயிற்று. பரிமாறுவதற்கு இருபத்தொரு பெயர்கள் வந்தன. இலை எடுப்பதற்கு ஒருவர்கூட இல்லை. 'அப்போது பார்த்துக்கொள்ளலாம்' என்று விட்டுவிட்டேன். தவறு என்னுடையதே.

மூன்றாம் பந்தியில் தெருமுனை வரை வெயிலில் வரிசை நின்றது. சமையல் தாமதம் என்றே அனைவரும் எண்ணினர். உள்ளே சென்று பார்த்தால், சாதம் அண்டா நிறைய ஆவி பறக்க இருந்தது. உண்டவர் எழுந்துபோன இலைகள் அப்படியே கிடந்தன. வரிசை நிற்கையில் அண்டா நிறைந்திருந்தால், குறை அடுப்பில் இல்லை என்று பொருள்.

கணக்கைப் பாருங்கள். ஒரு பந்திக்கு ஐம்பது பேர் என்றால் பத்துப் பந்திகள். உண்பதற்கு இருபது நிமிடம். இலை எடுத்துத் துடைத்து மறு இலை போட ஐந்து நிமிடம் போதும்; ஆளில்லாமையால் எங்களுக்குப் பதினைந்து நிமிடம் ஆயிற்று. பத்துப் பந்திகளுக்கு நூறு நிமிடம் வீண். காலை 11 மணிக்குத் தொடங்கிய பந்தி 3.10-க்கு முடிந்திருக்க வேண்டும். முடிந்தபோது மணி ஐந்தை நெருங்கிவிட்டது.

அடுத்த ஆண்டு பட்டியலைத் தலைகீழாக எழுதினேன். முதலில் இலை எடுப்பவர் மூவர், துடைப்பவர் இருவர். அவர்களுக்கு மாற்றாக மேலும் ஐவர். அதன்பின்தான் பரிமாறுவோர்: சாதத்திற்கு இருவர், சாம்பார், ரசம், மோர், கறிவகை, தண்ணீர் ஆகியவற்றிற்கு ஒவ்வொருவர். ஆக எழுவர் ஓர் அணி. சாத வாளி கனமானது. மூன்றாம் பந்தியில் எவர் கையும் தளரும். எனவே இரண்டு பந்திக்கு ஒருமுறை அணி மாறியது. மாற்று அணி வந்து வாளியைக் கையில் வாங்கும் வரை பழைய அணி நகரக்கூடாது என்பது மட்டுமே கண்டிப்பு.

எழுபதைக் கடந்தவர்களுக்கு முதல் நாள் மாலை காய் நறுக்குதலும், மறுநாள் நிழலில் நாற்காலி போட்டுக் காலணி காத்தலும் ஒதுக்கினோம். பந்தியில் அமர முடியாத முதியவர்களை அடையாளம் கண்டு, வரிசையிலிருந்து அழைத்து வந்து மேசையில் அமர்த்தியவர்களும் அவர்களே. இளைஞர் கண்ணுக்கு அது எளிதில் படுவதில்லை.

பரிமாறும் பணிதான் வேண்டும் என்று இருவர் கோபித்துக்கொண்டனர். ஒரு பந்தி பரிமாறியவர் மறு பந்தியில் இலை எடுக்கலாம் என்று சமாதானம் செய்தோம்.

இந்த ஆண்டுப் பட்டியலும் தயார். இலை எடுப்போர் வரிசையில் என் பெயர் முதலில் இருக்கிறது.