கரையான் வேலைக்கு மூன்று கொட்டேஷன்: 8,000 முதல் 1,60,000 வரை!

கும்பகோணத்தில் ஒரு பழைய வீடு. தெருவை ஒட்டித் திண்ணை, உள்ளே ரேழி, கூடம், நடுவில் முற்றம், பின்னால் அடுக்களை, கொல்லையில் கிணறு. 20 அடி அகலம், 55 அடி நீளம். இரண்டு பக்கமும் அடுத்த வீட்டோடு பொதுச் சுவர். ஓய்வுபெற்ற ஆசிரியரும் அவர் மனைவியும்தான் வசிக்கிறார்கள். ஒருநாள் பின்கட்டு அறைக் கதவைச் சாத்தும்போது நிலையின் அடிப்பகுதி பொலபொலவென்று உதிர்ந்துவிட்டது. பெயின்ட் மட்டும்தான் நின்றுகொண்டிருந்தது. உள்ளே மரமே இல்லை.

வீட்டு வேலைக்கென்று ஒதுக்கியிருந்த பணம் 1 லட்சம். அதற்கு மேல் கடன்தான். மூன்று பேரிடம் விலை கேட்டார்கள். முதலாமவர் போனிலேயே "8,000 ரூபாய், 5 வருஷம் கேரன்டி" என்றார். இரண்டாமவர் வந்து பார்த்துவிட்டு 16,800 ரூபாய், ஜி.எஸ்.டி. தனி என்று எழுதிக் கொடுத்தார். மூன்றாமவர் மர வேலை கான்ட்ராக்டர். 4 நிலை, 3 ஜன்னல் எல்லாமே புதிது, மொத்தம் 1,60,000. கரையான் மருந்து இலவசம்.

"எதுங்க சரி?" என்று மனைவி கேட்டார். ஆசிரியருக்குச் சொல்லத் தெரியவில்லை. தெரியாததில் வியப்பும் இல்லை. மூன்று பேரும் விலை சொன்னது மூன்று வெவ்வேறு வேலைகளுக்கு. ஒரே வேலைக்குச் சொன்ன விலைகளாக இருந்தால்தானே ஒப்பிட முடியும்?

முதலில் வீட்டைத் தட்டிப் பார்க்க வேண்டும்

தெரிந்த ஆசாரி ஒருவரை அழைத்து, அரை நாள் கூலி கொடுத்து, வீடு முழுக்கச் சுற்றினார்கள். கையில் ஒரு ஸ்க்ரூ டிரைவர், டார்ச், சாக்பீஸ், டேப். இவ்வளவுதான் கருவிகள்.

ஸ்க்ரூ டிரைவரின் பிடியால் மரத்தைத் தட்டினால் நல்ல மரம் கணீரென்று பேசும். செல் அரித்த இடம் டப்பாவைத் தட்டியது போல ஒலிக்கும். அந்த இடத்தில் முனையால் குத்தினால் எவ்வளவு ஆழம் போகிறது என்று தெரிந்துவிடும். அரை அங்குலம்தான் போகிறதென்றால் அது மேலோட்டம். முழு முனையும் இறங்கினால் அந்தப் பகுதி போய்விட்டது.

சுவரில் ஓடும் மண் கோடுகளையும் குறித்துக்கொண்டார்கள். கோட்டில் ஒரு விரல் நீளம் மட்டும் உடைத்துவிட்டு, பக்கத்தில் சாக்பீஸால் தேதி எழுதினார் ஆசாரி. சில நாளில் அந்த இடைவெளி மீண்டும் மண்ணால் அடைபட்டால் கரையான் இன்னும் நடமாடுகிறது என்று அர்த்தம். ஐந்து கோடுகளில் மூன்று அடைபட்டன. மூன்றுமே குளியலறைச் சுவரை ஒட்டியவை. அந்தச் சுவருக்குள் போகும் பழைய குழாய் கசிந்துகொண்டிருந்தது. மண்ணிலிருந்து வரும் கரையானுக்கு ஈரம் வேண்டும். கசிவை நிறுத்தாமல் மருந்து மட்டும் அடிப்பது பாதி வேலை. ப்ளம்பருக்கு 3,500 ரூபாய் என்று நோட்டில் முதல் வரியாக எழுதப்பட்டது அப்படித்தான்.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். மண் கோடே இல்லாமல், மரத்தில் குண்டூசித் துளைகளும் கீழே நைசான மாவும் இருந்தால் அது கரையான் அல்ல, மரம் துளைக்கும் வண்டு. அதற்குத் தரையில் துளை போட்டு மருந்து விடுவது வீண் செலவு. இந்த வீட்டில் ஒரு பழைய பீரோவில் மட்டும் அது இருந்தது.

லிட்டரைக் கேளுங்கள்

கட்டி முடித்த வீட்டுக்கான கரையான் தடுப்பு முறையை ஐ.எஸ். 6313 என்ற இந்தியத் தர நிர்ணயத்தின் மூன்றாம் பகுதி சொல்கிறது. சுருக்கம் இதுதான்: சுவரும் தரையும் சேரும் இடத்தில் 30 செ.மீ., அதாவது ஓரடிக்கு ஒரு துளை. ஒவ்வொரு துளையிலும் சுமார் 1 லிட்டர் மருந்துக் கரைசல். மருந்து போய்ச் சேர வேண்டிய இடம் தரைக்கு அடியில் இருக்கும் மண். மரம் சுவரோடு சேரும் இடங்களில் அரை அடிக்கு ஒரு சிறு துளை போட்டு, எண்ணெயில் கலந்த மருந்தைத் தனியாகச் செலுத்த வேண்டும்.

ஆசிரியர் டேப் பிடித்து அளந்தார். உள்ளே சுவரோரம் மொத்தம் 270 அடி. வெளியே முன்னும் பின்னும் 40 அடி. ஆக, ஏறக்குறைய 310 துளைகள், 300 லிட்டர் கரைசல். இமிடாகுளோபிரிட் 30.5 எஸ்.சி. என்ற மருந்தென்றால் லிட்டர் தண்ணீருக்கு 2.1 மில்லி. கணக்குப் போட்டால் 600 மில்லிக்குச் சற்று அதிகம்.

இப்போது முதலாமவருக்கு மறுபடி போன் செய்தார். "எத்தனை லிட்டர் கரைசல் போகும் தம்பி?"

"10 லிட்டர் ஸ்ப்ரேயர் சார், ரெண்டு தடவை ரொப்புனா வீடே முடிஞ்சுடும்."

300 லிட்டர் தேவைப்படும் இடத்தில் 20 லிட்டர்! அவர் செய்யப்போவது சுவரோரமும் மரத்தின் மேலும் தெளிப்பு. கண்ணில் படும் கரையான் சாகும். மண்ணுக்குள் இருக்கும் கூட்டம் வேறு வழியில் ஏறும். 8,000 ரூபாய் மலிவு அல்ல, அது வேறு வேலை.

இரண்டாமவர் துளை போடும் முறையைத்தான் எழுதியிருந்தார். மர நிலைகளுக்கு மருந்து செலுத்துவதும் அதில் அடக்கம். பூச்சிக்கொல்லிச் சட்டத்தின்கீழ் பெற்ற உரிமத்தையும் கேட்டதும் காட்டினார். சதுர அடிக்கு 12 ரூபாய் வீதம் 1,400 சதுர அடி என்று போட்டிருந்தார். ஆனால், தரைத்தளம் 1,100 சதுர அடிதானே? மாடி அறையையும் சேர்த்துவிட்டார். மருந்து மண்ணுக்குப் போவதால் மாடிக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. பேசியதும் திருத்திக் கொடுத்தார்: 13,200 ரூபாய், 18 சதவிகித ஜி.எஸ்.டி. 2,376 சேர்த்து 15,576. முதலில் சொன்னபடி வரியோடு கட்டியிருந்தால் 19,824 ஆகியிருக்கும்.

கேரன்டி பற்றியும் கேட்டார்கள். 3 வருஷம், வருஷத்துக்கு ஒரு முறை வந்து பார்ப்பது, திரும்ப வந்தால் இலவசமாக மருந்து. ஆனால், பொதுச் சுவர் வழியாகப் பக்கத்து வீட்டிலிருந்து வந்தால் பொறுப்பில்லை என்றார். மறைக்காமல் சொன்னது நல்லது. பொதுச் சுவருக்கு அந்தப் பக்கம் துளை போட இவர்களால் முடியாது. பக்கத்து வீட்டுக்காரரிடம் பேசிப் பார்த்தார்கள், அவர் பொங்கலுக்குப் பிறகு பார்க்கலாம் என்றார். கொல்லைக் கிணற்றை ஒட்டிய பகுதியில் மருந்து விடக் கூடாது என்றும் எழுதி வாங்கினார்கள். குடிக்காத கிணறு என்றாலும் அந்தத் தண்ணீர்தான் பாத்திரம் தேய்க்க.

புது நிலையா, ஒட்டா?

பெரிய பணம் போவது மரத்தில். 4 நிலைகளில் பின்கட்டு நிலை ஒன்றுதான் முழுக்கப் போயிருந்தது. இரண்டில் கால்கள் மட்டும், தரையிலிருந்து ஒன்றரை அடிக்குள். நான்காவதில் மேல் தோல்தான், சுரண்டி மருந்து வைத்தால் போதும். ஜன்னல்களில் இரண்டுக்குக் கீழ்ச் சட்டம் மட்டும் கெட்டிருந்தது. மூன்றாவதில் ஒன்றுமில்லை. கான்ட்ராக்டர் இவை எல்லாவற்றையும் பிடுங்கிப் புதிதாகப் போடச் சொல்லியிருந்தார்.

ஒரு நிலையை வைத்துப் பார்த்தால் வித்தியாசம் புரியும். 7 அடி உயரம், மூன்றரை அடி அகலம், சுற்றி 21 அடி. கட்டை 5-க்கு 3 இன்ச். கன அடியாக்கினால் 2.2, சேதாரம் சேர்த்து 2.6. நல்ல தேக்கு இவர்களுக்குக் கன அடி 4,800 ரூபாய்க்குக் கிடைத்தது. ஆக, மரம் மட்டும் 12,480. மேலே சுவரை உடைத்து, திரும்பப் பூசும் செலவு தனி. அதே நிலையின் இரண்டு கால்களையும் அறுத்து, 2 அடிக்கு ஒட்டுக் கட்டை சேர்த்தால் சேதாரம் உட்பட அரை கன அடிதான். 2,400 ரூபாயில் மரம் முடிந்துவிடும். ஒட்டைச் சாய்வாக அறுத்து, பசையும் மரை ஆணியும் போட்டு இறுக்கிவிட்டால் கதவு தாங்கும்.

மரம் வாங்கும்போது ஆசாரி ஒரு விஷயத்தில் பிடிவாதமாக இருந்தார். "வைரம் பாஞ்ச மரம்தான் சார் வேணும். ஓரத்துல வெளுத்துத் தெரியுது பாருங்க, அது தேக்குன்னாலும் செல்லு தின்னுடும்." உண்மைதான். தேக்கின் நடுப்பகுதிக்குத்தான் கரையானைத் தாங்கும் குணம் உண்டு. தேக்கு என்ற பெயர் மட்டும் காப்பாற்றாது.

கான்ட்ராக்டரின் தாளில் கடைசி வரி சின்ன எழுத்தில் இருந்தது: 'பழைய மரம் எங்களுக்கு'. அந்த நிலைகள் தாத்தா காலத்து பர்மா தேக்கு. கழற்றிய பழைய மரத்துக்குத் தனிச் சந்தையே இருக்கிறது. அடியில் கெட்டிருந்தாலும் மேல் 5 அடி கல் போல இருக்கும். கரையான் மருந்து 'இலவசம்' ஆனதில் இந்த வரிக்கும் பங்கு இருக்கலாம். இவர்கள் பின்கட்டு நிலையைக் கழற்றியபோது, தேறிய இரண்டு துண்டுகள் ஜன்னல் சட்டத்துக்கே பயன்பட்டன.

ஆசாரி போட்ட கணக்கு: மரம் எல்லாம் சேர்த்து 4.5 கன அடி, 21,600. ஆசாரிக்கும் உதவியாளுக்கும் 8 நாள் கூலி 16,000. கொத்தனார் வேலை 5,000. பசை, ஆணி, வார்னிஷ் 3,000. மர வேலை மொத்தம் 45,600. மருந்தும் ப்ளம்பரும் சேர்ந்து 64,676. சுவரை உடைத்தால்தான் தெரியும் சேதத்துக்காக 15 சதவிகிதம், ஏறக்குறைய 9,700 ஒதுக்கினார்கள். 75,000-க்குள் அடங்கியது.

மூவரும் பார்க்காத உத்திரம்

தட்டிப் பார்த்த அன்றே ஒன்று கவலைப்படுத்தியது. பின்கட்டு அறையில் மெட்ராஸ் டெரஸ் கூரை. குளியலறைச் சுவருக்குள் நுழையும் ஓர் உத்திரத்தின் முனை டப்பா போல ஒலித்தது. மூன்று கொட்டேஷனிலும் அதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. தலைக்கு மேல் செங்கல்லும் சுண்ணாம்புமாகக் கிடக்கும் பாரம் அந்த முனையில்தான் நிற்கிறது. இது மருந்துக்காரரோ ஆசாரியோ தனியாக முடிவெடுக்கும் விஷயம் அல்ல.

கட்டடப் பொறியாளர் வந்து, முதலில் உத்திரத்தின் கீழ் முட்டுக் கொடுக்கச் சொன்னார். பிறகு சுவரைச் சுற்றிலும் கொத்திப் பார்த்ததில் வெளிப்பகுதிதான் அரித்திருந்தது, உள்வைரம் நன்றாக இருந்தது. அரித்ததைச் சுரண்டி, மருந்து ஏற்றி, முனைக்குக் கீழே இரும்புத் தாங்கி வைத்தார்கள். அவருடைய கட்டணம் 3,000, முட்டும் இரும்பும் கூலியும் 15,000. எல்லாம் சேர்த்து 93,000. முனை முழுக்கப் போயிருந்தால் இந்தப் பட்ஜெட் தாங்கியிருக்காது.

வேலை நடந்த வரிசை: முதலில் குழாய், அடுத்து உத்திரம், பிறகு தரைக்கும் மரத்துக்கும் மருந்து. மூன்று வாரம் காத்திருந்து, சாக்பீஸ் குறிகள் புதிதாக அடைபடவில்லை என்று பார்த்த பிறகுதான் ஆசாரி உளி எடுத்தார். புதுக் கட்டைகளின் சுவர்ப் பக்கத்துக்குப் பொருத்தும் முன்பே மருந்து பூசினார்கள். சிவப்புத் தரையில் போட்ட துளைகளைக் காவி கலந்த சிமென்ட்டால் அடைத்ததால் உற்றுப் பார்த்தால்தான் தெரிகிறது.

மருந்து போட்ட அன்று ஆசிரியர் நாற்காலி போட்டு உட்கார்ந்து, ஒவ்வொரு முறை டிரம் காலியாகும்போதும் காலண்டர் தாளில் கோடு கிழித்தார். 50 லிட்டர் டிரம், ஆறு கோடு. மருந்துக்காரர் சிரித்துக்கொண்டே ஏழாவதாகக் கொஞ்சம் கலந்து, குளியலறைச் சுவரோரத்தில் இன்னொரு முறை விட்டுப் போனார்.