வேலையில் இல்லாதவர் எழுதும் விசா கடிதம்

கோடையில் ஜெர்மனிக்குப் போய் மகளையோ தங்கையையோ பார்த்து வர நினைப்பவர்கள் இப்போதே விண்ணப்பித்துவிடுவது நல்லது. ஷெங்கன் விசா விண்ணப்பத்தைப் பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்து வாங்குகிறார்கள். கடைசிக் கெடு பயணத்துக்கு 15 நாள் முன்பு. முடிவு சொல்ல 15 நாள் என்கிறது சட்டம். தேவைப்பட்டால் 45 நாள் வரை நீட்டிக்கலாம் என்பதும் அதே சட்டம்தான். வேலையை விட்டுவிட்டு இடைவெளியில் இருப்பவர்கள் இரண்டாவது கணக்கை நம்பித் திட்டமிடுங்கள்.

இந்த இடைவெளி பற்றித்தான் சில வாரங்களாக வாசகர் கடிதங்கள் வந்துகொண்டிருக்கின்றன. கேரியர் பிரேக் பற்றிச் சொல்லாமலே விடலாமா என்று ஒருவர் கேட்கிறார். "வேலையில் இருப்பதாக ஒரு லெட்டர் வாங்கித் தருகிறேன்" என்று ஏஜென்ட் சொன்னதை நம்பலாமா என்கிறார் இன்னொருவர். இந்தியாவை எவ்வளவு நேசிக்கிறேன் என்று இரண்டு பக்கம் எழுதியும் மறுத்துவிட்டார்கள் என்று வருத்தப்படுகிறார் மூன்றாமவர். படிவம், போட்டோ, இன்சூரன்ஸ், அப்பாயின்ட்மென்ட் எல்லாம் உங்களுக்குத் தெரிந்தவை. கவர் லெட்டருக்கு நேராக வருகிறேன்.

ஷெங்கன் விசாவை மறுத்தால் ஒரு படிவம் கையில் கிடைக்கும். காரணங்கள் அதில் முன்கூட்டியே அச்சாகியிருக்கும். அதிகாரி பொருந்துகிற கட்டத்தில் டிக் போடுவார். வேலையில் இல்லாதவர்களுக்கு வழக்கமாக விழும் டிக், விசா காலம் முடிவதற்குள் நீங்கள் திரும்பிவிடுவீர்கள் என்பதில் நியாயமான சந்தேகம் இருக்கிறது என்ற கட்டத்தில். 2009-ஆம் ஆண்டின் ஐரோப்பிய விசா சட்டத்தில் இது 32-வது பிரிவு. நீங்கள் திரும்பி வரமாட்டீர்கள் என்று அதிகாரி நிரூபிக்க வேண்டியதில்லை. சந்தேகம் இருந்தால் போதும். ஜெர்மன் தூதரகம் விசா மறுத்த ஈரானியர் ஒருவரின் வழக்கில் ஐரோப்பிய நீதிமன்றம் 2013 டிசம்பரில் இதைத் தெளிவாக்கியது. விண்ணப்பிப்பவர் திரும்புவார் என்று அதிகாரிக்கு உறுதியாகத் தெரிந்திருக்க வேண்டியதில்லை, நியாயமான சந்தேகம் இருக்கிறதா என்று பார்த்தால் போதும் என்றது. விண்ணப்பிப்பவருக்குச் சாதகம்போலத் தெரிகிறது. ஆனால் இதே தீர்ப்பு, எது நியாயமான சந்தேகம் என்று எடைபோடுவதில் அதிகாரிக்குப் பரந்த அதிகாரம் உண்டு என்றும் சொல்லிவிட்டது.

சந்தேகம் எங்கிருந்து பிறக்கிறது? சட்டத்தின் இரண்டாவது இணைப்பில் ஒரு பட்டியல் இருக்கிறது: திரும்பும் டிக்கெட், சொந்த நாட்டில் பண வசதி, வேலைக்கான சான்று, வீடு நிலம், குடும்ப உறவு, தொழில் நிலை. தாயகப் பிணைப்பு என்று தூதரகங்கள் கௌரவமாகச் சொல்வது இதைத்தான். பச்சையாகச் சொன்னால், இங்கே உங்களைக் கட்டிப்போட்டிருப்பது எது என்பதற்கான காகிதங்கள். எதற்கு எவ்வளவு மதிப்பெண் என்று பட்டியலில் இல்லை. ஒவ்வொரு விண்ணப்பத்தையும் தனித்தனியாகப் பரிசீலிக்கிறோம் என்பது அதிகாரபூர்வப் பதில். பரிசீலிப்பது உங்களை அல்ல, உங்கள் கோப்பை என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நேர்காணலுக்குக் கூப்பிடும் அதிகாரம் தூதரகத்துக்கு உண்டு. கூப்பிட்டே ஆக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. வி.எஃப்.எஸ். கவுன்ட்டரில் காகிதம் வாங்குபவர் முடிவெடுப்பவரும் அல்ல.

வேலையில் இருப்பவர் கொடுக்கும் லீவ் லெட்டரை எடுத்துக்கொள்வோம். அதற்கு இருக்கும் மதிப்பு சம்பளத்தால் மட்டும் வருவதில்லை. இன்ன தேதியில் இவர் ஆபீசில் இருக்க வேண்டும் என்று மூன்றாவது ஆள் ஒருவர் எழுதிக் கொடுத்திருக்கிறார். திரும்பும் நாளுக்குப் பிறகு ஒரு தேதி, அந்தத் தேதியில் ஒரு கடமை, அதைச் சொல்வது விண்ணப்பிப்பவர் அல்லாத இன்னொருவர்: மூன்றும் ஒரே தாளில் வந்துவிடுகின்றன. இடைவெளியில் இருப்பவருக்கு இல்லாமல் போவது இந்தத் தாள்தான். கவர் லெட்டரின் வேலை, இதே மூன்றையும் வேறு காகிதங்களிலிருந்து திரட்டி அதிகாரி கண்ணில் படும்படி வைப்பது. நாட்டுப்பற்று பற்றிய பத்திகளுக்கு அங்கே வேலை இல்லை.

கோவை வாசகி ஒருவரின் கோப்பைப் பார்ப்போம் (அடையாளம் தெரியாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறேன்). வயது 38, திருமணமாகாதவர், மென்பொருள் நிறுவனத்தில் பதினோரு வருட அனுபவம். 2023 ஜூலையில் அப்பாவுக்குப் பக்கவாதம். ஆகஸ்டில் வேலையை விட்டார். 2025 பிப்ரவரியில் அப்பா காலமானார். தங்கை ஸ்டுட்கார்ட்டில் இருக்கிறார், குழந்தை பிறந்திருக்கிறது. செப்டம்பரில் 80 நாள் தங்குவதற்கு விண்ணப்பித்தார். மறுப்பு வந்தது, அதே கட்டத்தில் டிக்.

அவர் ஆங்கிலத்தில் எழுதியிருந்த கடிதத்தின் சாரம் இது: "தற்போது கேரியர் பிரேக்கில் இருக்கிறேன். தங்கையுடன் நேரம் செலவிட விரும்புகிறேன். என் வேர்கள் இந்தியாவில்தான், நிச்சயம் திரும்புவேன்." பொய் ஒரு வரிகூட இல்லை. ஆனால் கோப்பு வேறு கதை சொன்னது. படிவத்தில் தற்போதைய தொழில் என்ற இடத்தில் 'ஐ.டி. ஊழியர்' என்று இருந்தது, அடுத்துள்ள நிறுவன முகவரிக்கான இடம் காலி. விண்ணப்பிப்பதற்குப் பத்து நாள் முன்பு வங்கிக் கணக்கில் நான்கு லட்சம் ஒரே தவணையில் விழுந்திருந்தது. யார் போட்டது என்று எங்கும் இல்லை. வீட்டுப் பத்திரம் அப்பா பெயரில். வேலையை ஏன் விட்டார் என்பதற்கு ஒரு தாளும் இல்லை. இத்தனைக்கும் மேல் அந்த 80 நாள். 90 நாள் சட்டப்படி உச்ச வரம்புதான். ஆனால் வேலையில்லாதவர் 80 நாள் கேட்டால், திரும்பி வந்து செய்ய அவருக்கு எதுவும் இல்லை என்று அவரே எழுதிக் கொடுத்த மாதிரி.

இங்கே எனக்கு உறுத்தும் ஒன்று உண்டு. அவர் வேலையை விட்டது பிணைப்பினால். அப்பா இருந்தவரை அவரை விட்டு அவர் எங்கும் போயிருக்க முடியாது. அப்பா போன பிறகுதான் விண்ணப்பிக்கவே முடிந்தது. இப்போது அதிகாரியின் மேஜையில், வேலையும் இல்லை, பார்த்துக்கொள்ள ஆளும் இல்லை, உடன்பிறந்தவர் ஜெர்மனியில் என்று அதே வாழ்க்கை தலைகீழாகத் தெரிகிறது. தங்கை அங்கே முறைப்படி பதிவுசெய்து அனுப்பிய செலவுப் பொறுப்பேற்புப் பத்திரமும் இதற்கு உதவவில்லை. அது செலவுக்கு உத்தரவாதம், திரும்புவதற்கு அல்ல. அங்கே தங்க ஓர் இடம் இருப்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறது.

இரண்டாவது விண்ணப்பத்தில் பயணம் டிசம்பர் 1 முதல் 24 வரை என்று சுருங்கியது. கடிதம் ஒரே பக்கம். முதல் பத்தியில் பயணம், தேதி, யாரைப் பார்க்க என்பது மட்டும். இரண்டாவதில் இடைவெளி: பக்கவாதத்துக்கான டிஸ்சார்ஜ் சம்மரி ஜூலையில், ரிலீவிங் லெட்டர் ஆகஸ்டில், பி.எஃப். பாஸ்புக்கில் கடைசி வரவு அதே ஆகஸ்டில், இறப்புச் சான்று 2025 பிப்ரவரியில். ஒவ்வொரு வாக்கியத்தின் முடிவிலும் இணைப்பு எண். நான்கு வெவ்வேறு இடங்களிலிருந்து வந்த தாள்கள் ஒரே தேதி வரிசையைச் சொல்லும்போது அழுது எழுத வேண்டிய அவசியம் இல்லை. அவரும் அழவில்லை.

மூன்றாவது பத்தி திரும்பி வருவதைப் பற்றி. ஜனவரி 5-ஆம் தேதி சேரச் சொல்லி ஒரு நிறுவனம் கொடுத்த ஆஃபர் லெட்டர் முதலில் நின்றது. அடுத்து வீடு. பத்திரத்தோடு வாரிசுச் சான்றிதழையும் பட்டா பெயர் மாற்றத்துக்கு மனு கொடுத்த ரசீதையும் வைத்தார். அப்பா பெயரில் இருந்த வீடு அப்போதுதான் அவருக்கும் பங்குள்ள வீடாகக் கோப்பில் ஆனது. மாடி வாடகை மாதம் 14,000 ரூபாய் மார்ச்சிலிருந்து அவர் கணக்கில் விழுவதை ஸ்டேட்மென்ட்டில் கோடிட்டுக் காட்டினார். கூடவே இருக்கும் 67 வயது அம்மாவின் ஆதார் முகவரியும் அதே வீடு. கடைசியாக அந்த நான்கு லட்சம்: முதிர்ந்த ஃபிக்ஸட் டெபாசிட் என்று ஒரு வரி, வங்கி ரசீது ஒன்று. படிவத்திலும் 'தற்போது பணியில் இல்லை' என்றே எழுதினார். முந்தைய மறுப்பைக் கடிதத்திலேயே சொல்லி, அதன் பிறகு என்ன மாறியிருக்கிறது என்றும் சொன்னார்.

விசா கிடைத்தது. கடிதத்தால்தானா, ஆஃபர் லெட்டராலா, 80 நாள் 24 நாளானதாலா என்று யாரும் சொல்லமாட்டார்கள். மறுத்தால்தான் காரணம் தருவார்கள்.

ஆஃபர் லெட்டர் இல்லாதவர் என்ன செய்வது? இல்லாததைக் கடிதம் உண்டாக்காது. பிள்ளையின் பள்ளி திறக்கும் தேதி, கட்டணம் கட்டிச் சேர்ந்த படிப்பு, பெற்றோருக்குக் குறித்த அறுவை சிகிச்சை என்று தேதியோடு ஏதாவது இருக்கிறதா பாருங்கள். ஒன்றும் இல்லையென்றால் பயணத்தை இரண்டு வாரமாகக் குறையுங்கள், மாத வருமானம் வரும் வழியை ஆறு மாத ஸ்டேட்மென்ட்டில் காட்டுங்கள். அப்படியும் மறுக்கலாம்.

முதல் கடிதத்திலேயே எல்லாம் இருக்க வேண்டும் என்று நான் இவ்வளவு வற்புறுத்தக் காரணம் உண்டு. முன்பெல்லாம் ஜெர்மனி மறுத்தால் தூதரகத்துக்கே ஒரு மாதத்துக்குள் மறுபரிசீலனை மனு எழுதலாம், கட்டணம் இல்லை. விட்டுப்போன தாளை அப்போது சேர்த்துக்கொள்ளலாம். 2025 ஜூலை 1 முதல் உலகம் முழுவதும் அதை நிறுத்திவிட்டார்கள். மிச்சமாகும் ஊழியர்களைக் கொண்டு கூடுதல் விண்ணப்பங்களைப் பார்க்க முடிகிறது என்பது ஜெர்மன் வெளியுறவு அமைச்சகத்தின் விளக்கம். மறுக்கப்பட்டவருக்கு மிஞ்சியிருப்பது பெர்லின் நிர்வாக நீதிமன்றத்தில் வழக்கு, அல்லது மறுபடி 90 யூரோ கட்டிப் புது விண்ணப்பம். கோவையிலிருந்து பெர்லினில் வழக்குப் போட எத்தனை பேரால் முடியும் என்று அமைச்சகத்துக்கும் தெரியும்.

மற்ற கேள்விகளுக்குச் சுருக்கமாக:

நோட்டரி கையெழுத்துடன் 'திரும்பி வருவேன்' என்று அஃபிடவிட் வைக்கலாமா? முத்திரைத்தாளில் எழுதினாலும் அது உங்கள் சொல்தான், பணம் வீண்.

தமிழில் உள்ள பட்டா, சான்றிதழ்? ஆங்கில மொழிபெயர்ப்போடு வையுங்கள்.

என் உடல்நிலைக்காகத்தான் வேலையை விட்டேன், நோயைச் சொல்ல வேண்டுமா? சிகிச்சை தொடங்கிய, முடிந்த தேதிகள் போதும்.

கணவர் சம்பளத்தில் போகிறேன்? அவருடைய சம்பளச் சான்று, திருமணச் சான்று. அவர் இங்கேயே இருக்கிறார் என்றால் அதையும் ஒரு வரியில்.

பழைய மறுப்பை மறைக்கலாமா? ஐந்து வருடம் வரை ஷெங்கன் நாடுகளின் பொதுத் தகவல் தளத்தில் இருக்கும்.

அமெரிக்காவுக்கும் இதே கடிதமா? அங்கே பெரும்பாலும் ஜன்னலோர நேர்காணலில் சில நிமிடத்தில் முடிவு. கடிதத்தை வாங்கிப் பார்க்காமலே அனுப்பிவிடலாம்.

ஏஜென்ட் வாங்கித் தரும் வேலை லெட்டர்? தூதரகம் அதில் உள்ள எண்ணுக்கு போன் செய்து விசாரிக்கலாம். போலி ஆவணம் என்பது மறுப்புப் படிவத்தில் தனிக் கட்டம்.