சிங்கப்பூர் வங்கிக் கணக்கு நம்ம வரித்துறைக்கு எப்படித் தெரியும்?

சிங்கப்பூரில் வேலை பார்த்த ஒருவர் சென்னை திரும்பி ஐந்து வருஷம் ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். அங்குள்ள சேமிப்புக் கணக்கை அவர் மூடவில்லை. வட்டி வந்துகொண்டே இருக்கிறது. ‘யாருக்குத் தெரியப்போகுது?’ என்று நினைக்கிறார்.

தெரியும். அவர் முகவரியை இந்தியாவுக்கு மாற்றியதுமே, ‘எந்த நாட்டில் வரி கட்டுகிறீர்கள்?’ என்று வங்கி கேட்கும். இந்தியா என்றால், அவர் பெயர், பான் எண், டிசம்பர் 31 அன்றைய இருப்பு, அந்த ஆண்டு வட்டி எல்லாம் அடுத்த மே மாதத்துக்குள் சிங்கப்பூர் வரித்துறைக்குப் போகும். செப்டம்பருக்குள் இந்தியாவுக்கு வந்துவிடும். இந்தியா கேட்கவே வேண்டாம். ‘சிஆர்எஸ்’ எனப்படும் இந்த ஏற்பாட்டில் சுவிட்சர்லாந்தும் 2019 முதல் இந்தியாவுக்குத் தகவல் தருகிறது.

பலர் சறுக்குவது எங்கே? சம்பளம் மட்டும்தானே என்று ITR-1 போட்டுவிடுகிறார்கள். அதில் வெளிநாட்டுக் கணக்கைக் காட்ட இடமே இல்லை. ITR-2 படிவத்தின் Schedule FA பகுதியில்தான் காட்ட வேண்டும். வீடு, நிலம் தவிர்த்த வெளிநாட்டுச் சொத்து 20 லட்சம் ரூபாயைத் தாண்டியும் காட்டாவிட்டால், 10 லட்சம் அபராதம் வரலாம்.

இதில் ஓட்டையும் உண்டு. சொந்தப் பெயரில் வெளிநாட்டில் வாங்கிய வீடு, வங்கிகள் அனுப்பும் இந்தத் தகவலில் வராது. ஆனாலும் Schedule FA-வில் அதையும் காட்டியே ஆக வேண்டும்.