உங்களுக்குத் தெரியுமா?

லண்டனில் இருக்கும் உறவினர் பரளச்சியில் உள்ள நிலத்தை விற்க அதிகாரப் பத்திரம் அனுப்புகிறார், அதில் அப்போஸ்டில் சான்று ஒட்டியிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அந்தச் சான்று அசலா என்று வீட்டிலிருந்தே பார்த்துவிடலாம்.

சான்றில் 10 வரிகள் இருக்கும். 6ஆம் வரி தேதி, 8ஆம் வரி எண். இவ்விரண்டையும் பிரிட்டன் அரசின் verifyapostille.service.gov.uk தளத்தில் கொடுத்தால், அப்படியொரு சான்று பதிவேட்டில் உண்டா என்று தெரியும். முகவரியை நீங்களே தட்டச்சு செய்யுங்கள். தாளில் அச்சிட்ட இணைப்பையோ கியூஆர் கோடையோ நம்ப வேண்டாம், போலித் தாள் போலித் தளத்துக்கே கூட்டிப்போகும்.

எண் பொருந்தினாலும் அவசரப்படாதீர்கள். வேறொரு பத்திரத்தின் அசல் எண்ணை எடுத்து ஒட்டியிருக்கலாம். எனவே 2ஆம் வரியில் உள்ள பெயர், பத்திரத்தில் கையெழுத்திட்ட நோட்டரியின் பெயர்தானா என்று ஒத்துப் பாருங்கள்.

அப்போஸ்டில் உறுதிசெய்வது அந்தக் கையெழுத்தையும், கையெழுத்திட்டவரின் பதவியையும், முத்திரையையும் மட்டுமே. சர்வே எண் சரியா, நிலம் அவருடையதா என்பதற்குப் பட்டாவையும் வில்லங்கச் சான்றையும்தான் பார்க்க வேண்டும்.