இதயத்துக்குச் சில மணி நேர டி3

மூளைச்சாவு அடைந்த ஒருவரின் இதயத்தை எடுத்துக்கொண்டு, போக்குவரத்து நிறுத்தப்பட்ட சாலையில் ஆம்புலன்ஸ் விரைந்த செய்தியைத் தமிழ்நாட்டு வாசகர்கள் பலமுறை படித்திருப்பார்கள். அந்த ஆம்புலன்ஸ் கிளம்புவதற்கு முந்தைய ஒரு நாள் பற்றி அதிகம் பேசப்படுவதில்லை. தீவிர சிகிச்சைப் பிரிவில், உயிர் பிரிந்துவிட்ட ஓர் உடலுக்குள் இதயத்தை நல்ல நிலையில் காத்து வைப்பது கடினமான மருத்துவம். அதற்காகப் பல நாடுகளில் பல ஆண்டுகளாகச் சொட்டுசொட்டாக ஏற்றப்பட்ட மருந்துகளில் ஒன்று, தைராய்டு ஹார்மோன்.

தைராய்டு நோய் இல்லாதவருக்குத் தைராய்டு ஹார்மோன் எதற்கு? மூளைச்சாவின்போது மண்டைக்குள் அழுத்தம் ஏறி மூளைத்தண்டு செயலிழக்கிறது. அந்த நேரத்தில் அட்ரினலின் வகைச் சுரப்புகள் வெள்ளமாக ரத்தத்தில் கலக்கின்றன. ரத்த அழுத்தம் தாறுமாறாக ஏறுகிறது; சிறிது நேரத்தில் ரத்தக் குழாய்கள் தளர்ந்து, அதே அழுத்தம் சரிந்துவிடுகிறது. நேற்றுவரை பழுதில்லாமல் துடித்த இதயம் எக்கோ பரிசோதனையில் சோர்ந்து தெரிகிறது. அதே மணி நேரங்களில் ரத்தத்தில் டி3 எனப்படும் ட்ரைஅயோடோதைரோனின் அளவும் சரிகிறது. இரண்டும் ஒன்றாக நடப்பதைப் பார்த்தவர்களுக்கு, டி3 குறைந்ததால்தான் இதயம் சோர்ந்ததோ என்ற கேள்வி எழுந்தது.

அந்தக் கேள்விக்கு நல்ல அடித்தளம் உண்டு. தைராய்டு சுரப்பி பெரும்பாலும் வெளியிடுவது டி4. அதில் நான்கு அயோடின் அணுக்கள் இருக்கும். கல்லீரல், சிறுநீரகம் போன்ற உறுப்புகள் அதிலிருந்து ஒன்றைக் கழற்றி டி3 ஆக்குகின்றன. வேலை செய்யும் ஹார்மோன் டி3தான். இதயத் தசை தனக்குத் தேவையான டி3யைப் பெரும்பாலும் ரத்தத்திலிருந்தே எடுத்துக்கொள்கிறது. எனவே ரத்தத்தில் அது குறைந்தால் இதயத்துக்குக் கிடைப்பதும் குறையும்.

உள்ளே போன டி3 இரண்டு விதமாக வேலை செய்கிறது. முதலாவது மெதுவானது: செல்லின் உட்கருவில் சில மரபணுக்களைத் தூண்டுகிறது. ஒவ்வொரு துடிப்புக்குப் பிறகும் கால்சியத்தை அதன் கிடங்குக்குத் திருப்பி அனுப்பும் பம்பு அதனால் கூடுதலாக உருவாகிறது. இதயம் சுருங்குவதும் தளர்வதும் சீராகின்றன. இதற்குப் பல மணி நேரம் பிடிக்கும். இரண்டாவது விரைவானது: ரத்தக் குழாய்ச் சுவர்த் தசை தளர்ந்து, இதயம் எதிர்த்துத் தள்ள வேண்டிய சுமை குறைகிறது. அட்ரினலின் வகை மருந்துகள் இதயத்தை விரட்டி வேலை வாங்கும். அதன் ஆக்சிஜன் தேவையும் கூடும். டி3 அவ்வளவு விலை கேட்காமல் உதவக்கூடும் என்பதே மருத்துவர்களை ஈர்த்தது. ரத்தத்தில் டி4 பாதியாகக் குறைய ஏறத்தாழ ஒரு வாரம் ஆகும். டி3க்கு ஒரு நாள் போதும். சில மணி நேரம் கொடுத்து நிறுத்திவிட ஏற்றது அதுதான்.

இந்த எண்ணம் கேப் டவுனில் உருவெடுத்தது. 1967இல் உலகின் முதல் மனித இதய மாற்று அறுவை நடந்த க்ரூட் ஸ்கூர் மருத்துவமனையில், 1980களில் டிமிட்ரி நோவிட்ஸ்கியும் டேவிட் கூப்பரும் பபூன் குரங்குகளில் மூளைச்சாவை ஏற்படுத்தி ஆராய்ந்தார்கள். ஹார்மோன்கள் சரிவதையும், திசுக்கள் ஆக்சிஜனைப் பயன்படுத்தும் பாதையிலிருந்து விலகி லாக்டிக் அமிலத்தைக் குவிப்பதையும் கண்டார்கள். டி3 கொடுத்தபோது அந்தப் போக்கு திரும்பியது. அடுத்து மனிதக் கொடையாளிகளுக்கு மணிக்கு 2 மைக்ரோகிராம் டி3யுடன் கார்டிசாலும் இன்சுலினும் கொடுத்தார்கள். ரத்த அழுத்தம் நிலைத்தது, மற்ற மருந்துகளின் தேவை குறைந்தது என்று 1987இல் எழுதினார்கள். ஆனால் ஒப்பிடப்பட்டவர்கள் குலுக்கல் முறையில் பிரிக்கப்பட்டவர்கள் அல்லர். இந்தக் குறிப்பை வாசகர் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

இதே எண்ணம் திறந்த இதய அறுவை அறைக்கும் போனது. இதய-நுரையீரல் இயந்திரத்தில் இணைக்கப்பட்ட நோயாளிக்கும் டி3 சரிகிறது. ரத்தம் நீர்த்துப்போவதும் உடலெங்கும் எழும் அழற்சியும் அதற்குக் காரணங்கள். 1995இல் நியூயார்க் குழு ஒன்று, இதயத்தின் தள்ளும் திறன் 40 விழுக்காட்டுக்கும் குறைந்த 142 பைபாஸ் நோயாளிகளை டி3 அல்லது வெறும் திரவம் என்று குலுக்கல் முறையில் பிரித்து, முடிவை நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின் இதழில் வெளியிட்டது. பெருந்தமனியில் போட்ட கிளாம்ப்பை எடுத்ததும் உடல் எடையில் கிலோவுக்கு 0.8 மைக்ரோகிராம் ஒரே ஊசியாகவும், அடுத்த ஆறு மணி நேரம் கிலோவுக்கு மணிக்கு 0.113 மைக்ரோகிராம் வீதமும் டி3 ஏற்றினார்கள்.

60 கிலோ எடையுள்ள ஒருவருக்கு இதைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். முதல் ஊசி 48 மைக்ரோகிராம். பிறகு மணிக்கு ஏறக்குறைய 6.8 வீதம் ஆறு மணி நேரத்தில் 41. மொத்தம் 89 மைக்ரோகிராம். ஆரோக்கியமான உடல் ஒரு நாள் முழுவதும் உண்டாக்கும் டி3 சுமார் 30 மைக்ரோகிராம்தான். ஆக, மூன்று நாளைக்கான டி3 ஆறு மணி நேரத்தில் உள்ளே போகிறது. குறைந்ததை ஈடுசெய்வது என்று பெயர் சொன்னாலும் அது ஈட்டைத் தாண்டிய அளவு. அப்படிக் கொடுக்கும்போது டி3 ஒரு மருந்தாகவே செயல்படுகிறது.

இதயம் வெளியேற்றும் ரத்தத்தின் அளவு டி3 பெற்றவர்களிடம் கூடியது. ரத்தக் குழாய்களின் எதிர்ப்பு குறைந்தது. ஆனால் இதயத்தை ஊக்கும் மற்ற மருந்துகளின் தேவை குறையவில்லை. பிழைத்தவர்களின் எண்ணிக்கையிலும் மாற்றமில்லை. மானிட்டரில் எண் நன்றாக இருப்பதும் நோயாளி நன்றாக இருப்பதும் வேறுவேறு என்பதை இவ்வளவு தெளிவாகக் காட்டிய ஆய்வு எனக்குத் தெரிந்து குறைவு. அடுத்த ஆண்டு வந்த 211 பேர் ஆய்வில் அந்த எண்கள்கூட உயரவில்லை. பெரியவர்களின் வழக்கமான பைபாஸ் அறுவையில் டி3 இடம்பிடிக்காமல் போனதற்கு இதுவே காரணம்.

கடுமையான இதயச் செயலிழப்பில் கதை சற்று வேறு. இங்கே டி3 குறைவு மாதக்கணக்கில் நீடிக்கும். அளவு குறையக் குறைய இறப்பு அபாயம் கூடுகிறது என்று இத்தாலியின் பீசா நகர ஆய்வாளர்கள் 2003இல் காட்டினார்கள். பின்னர் அவர்கள் 20 நோயாளிகளில் சிலருக்கு மூன்று நாள் டி3 ஏற்றியபோது இதயத்தின் வெளியேற்றம் கூடியது. ரத்தத்தில் நார்அட்ரினலின் குறைந்தது. நம்பிக்கை தரும் முடிவுதான். ஆனால் மூன்று நாள் முன்னேற்றம் ஆயுளை நீட்டியதா என்று 20 பேரை வைத்துச் சொல்ல முடியாது.

மூன்று இடங்களிலும் அடியில் இருக்கும் சிக்கல் ஒன்றே. கடும் நோயில் உடல் டி4யை டி3 ஆக்குவதைக் குறைத்து, செயலற்ற தலைகீழ் டி3 ஆக்கி ஒதுக்குகிறது. இது பற்றாக்குறையா, சிக்கனமா? வருமானம் நின்ற வீடு செலவைச் சுருக்குவதுபோல உடல் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்கிறது என்றால், வெளியிலிருந்து டி3 ஏற்றுவது அந்தச் சிக்கனத்தைக் கெடுப்பதாகும். டி3 குறைந்தவர் அதிகம் இறக்கிறார் என்பது மட்டும் இதற்கு விடையாகாது. கடுமையாக நோயுற்றவருக்கு டி3 அதிகமாகக் குறையும், அவ்வளவுதான் என்றும் அதே தரவைப் படிக்கலாம்.

கொடையாளிகள் விஷயத்தில் மட்டும் நம்பிக்கை தளரவில்லை. 2001இல் அமெரிக்க நிபுணர்கள் கூடி, இதயத் திறன் 45 விழுக்காட்டுக்குக் கீழே போன கொடையாளிக்கு டி3 4 மைக்ரோகிராம் ஊசி, பிறகு மணிக்கு 3 மைக்ரோகிராம் என்று பரிந்துரைத்தார்கள். கூடவே வாசோப்ரசின், ஸ்டீராய்டு, இன்சுலின். கொடையாளிகளின் பழைய பதிவேடுகளைப் புரட்டியபோது, ஹார்மோன் பெற்றவர்களிடமிருந்து அதிக உறுப்புகள் கிடைத்திருந்தன.

அந்தப் பதிவேடுகளில் எங்கே தவறு நுழையும்? நான்கு மருந்துகள் சேர்ந்து போகும்போது எது உதவியது என்று பிரிக்க முடியாது. வாசோப்ரசினுக்கு இங்கே தெளிவான வேலை உண்டு: மூளைச்சாவில் அந்த ஹார்மோன் நின்று, சிறுநீர் கட்டுப்பாடில்லாமல் போய் உடல் வறண்டுவிடும். அதோடு, ஹார்மோன் சிகிச்சையை முறையாகத் தொடங்கும் குழு மற்ற பராமரிப்பிலும் கவனமாக இருக்கும். எல்லாவற்றையும்விட முக்கியமாக, அட்ரினலின் வெள்ளத்தில் அதிர்ந்த இதயம் பல நேரங்களில் ஒரு நாளில் தானே தேறிவிடும். இடையில் எதைக் கொடுத்தாலும் பெயர் அதற்குப் போகும்.

இங்கிலாந்தின் பர்மிங்ஹாம் குழு 2009இல் இதைச் சோதித்தது. 80 கொடையாளிகளில் குலுக்கல் முறையில் சிலருக்கு டி3 கொடுத்தபோது கூடுதல் பலன் எதுவும் தெரியவில்லை. 2023 நவம்பரில் அமெரிக்காவிலிருந்து பெரிய விடை வந்தது. ரத்த அழுத்தம் நிலைக்காத 838 கொடையாளிகளில் பாதிப் பேருக்கு டி4 மணிக்கு 30 மைக்ரோகிராம் வீதம் குறைந்தது 12 மணி நேரம், மற்றவர்களுக்கு உப்புநீர். மாற்றிப் பொருத்தப்பட்ட இதயங்கள் முதல் குழுவில் 54.9 விழுக்காடு, இரண்டாவதில் 53.2. வேறுபாடு தற்செயலின் எல்லைக்குள் அடங்கிவிடுகிறது. டி4 பெற்றவர்களிடம் கடும் ரத்த அழுத்த உயர்வும் படபடப்பும்தான் அதிகம். காக்க நினைத்த இதயத்துக்கே அது கூடுதல் சுமை.

அது டி4, டி3 அல்ல என்ற மறுப்பு உண்டு. டி4யை டி3 ஆக்கும் திறனே குன்றிய உடலில் டி4 கொடுத்துப் பயன் என்ன என்று மறுப்பவர்கள் கேட்பது நியாயமான கேள்வி. ஆனால் பர்மிங்ஹாமில் கொடுக்கப்பட்டது டி3தான். கொடையாளி ஒவ்வொருவருக்கும் வழக்கமாகத் தைராய்டு ஹார்மோன் ஏற்றுவதற்கு இனி ஆதாரம் இல்லை என்றே நான் கருதுகிறேன். அந்த மணி நேரங்களைத் திரவ அளவைச் சரிசெய்யவும், வாசோப்ரசின் கொடுக்கவும், சில மணி நேரம் பொறுத்து எக்கோவை மறுபடி எடுத்துப் பார்க்கவும் செலவிடலாம். முதல் எக்கோவைப் பார்த்து ஒதுக்கப்படும் இதயங்களில் சில அப்படித் திரும்பக் கிடைக்கும்.

கேள்வி இன்னும் திறந்திருப்பது பச்சிளங்குழந்தைகளிடம். 2010இல் வெளியான அமெரிக்க ஆய்வில், இதய அறுவை செய்யப்பட்ட இரண்டு வயதுக்கு உட்பட்ட 193 குழந்தைகளை மொத்தமாகப் பார்த்தால், சுவாசக் கருவியிலிருந்து விடுபடும் நேரத்தில் டி3 மாற்றம் எதையும் காட்டவில்லை. வயதுவாரியாகப் பிரித்ததும் படம் மாறியது: ஐந்து மாதத்துக்குக் குறைந்தவர்கள் டி3 பெற்றபோது விரைவில் விடுபட்டார்கள், அதைவிடப் பெரியவர்களுக்குத் தாமதமானது. இளம் குழந்தைக்குப் பயன்படுவதே வளர்ந்த குழந்தைக்கு ஆகாமல் போகலாம் என்பதால், ஒரே அளவை எல்லா வயதுக்கும் கொடுக்க முடியாது. நரம்பு வழி டி3 விலை அதிகம் என்பதால் ஜகார்த்தாவில் மாத்திரையைக் கரைத்து மூக்குக் குழாய் வழியே கிலோவுக்கு 1 மைக்ரோகிராம், ஆறு மணி நேரத்துக்கு ஒரு முறை கொடுத்துப் பார்த்தார்கள். ரத்தத்தில் டி3 அளவு சரியாமல் நின்றது.