கட்டங்களை எண்ணினால் கதவு தெரியும்

இதயத் துடிப்பின் தாளம் தப்பும்போது கொடுக்கும் மருந்துகளை, மருந்தியல் தேர்வு எழுதுபவர்கள் நான்கு வகுப்புகளாக மனப்பாடம் செய்கிறார்கள். ஆக்ஸ்ஃபோர்டில் வாகன் வில்லியம்ஸ் 1970-இல் வகுக்கத் தொடங்கிய முறை அது. பெயர்களை உருப்போடுவதைவிட ஓர் இசிஜி தாளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படிப்பதே நல்லது என்பேன்.

இதயத் தசையின் செல் சுவரில் உப்பு அயனிகள் போய்வரும் கதவுகள் உண்டு. சோடியம் உள்ளே பாயும்போது கீழறைகளில் மின்சாரம் பரவுகிறது. தாளில் கியூஆர்எஸ் என்ற கூர்முனை எழுகிறது. பிறகு பொட்டாசியம் வெளியேற, செல் ஓய்வுநிலைக்குத் திரும்புகிறது. கூர்முனையின் தொடக்கத்திலிருந்து டி அலையின் முடிவு வரையுள்ள தூரம்தான் கியூடி. மேலறைக்கும் கீழறைக்கும் நடுவிலுள்ள முடிச்சு கால்சியத்தை நம்பி இயங்குவது; அங்கே ஆகும் தாமதம் பிஆர் இடைவெளியில் தெரியும்.

எந்தக் கதவை மருந்து அடைக்கிறதோ, அந்தப் பகுதி நீளும். முதல் வகுப்பின் ஃபிளெக்கைனைடு சோடியக் கதவை அடைப்பதால் கியூஆர்எஸ் அகலமாகிறது. இரண்டாம் வகுப்பின் பீட்டா தடுப்பான்களும், கால்சியத்தைத் தடுக்கும் நான்காம் வகுப்பின் வெராபமிலும் பிஆரை நீட்டுகின்றன. மூன்றாம் வகுப்பு பொட்டாசியக் கதவை அடைத்து கியூடியை நீட்டுகிறது.

மாணவர்கள் தடுமாறுவது வேகத்தில். ஃபிளெக்கைனைடு திறந்த கதவைப் பற்றிக்கொள்ளும் மருந்து. இதயம் வேகமாக அடித்தால் கதவு அடிக்கடி திறக்கும், அடைப்பும் கூடும். அதனால் ஓடவிட்டுப் பார்த்தால் கியூஆர்எஸ் இன்னும் அகலும். மூன்றாம் வகுப்பின் சோடலால் இதற்கு நேர் எதிர்: இதயம் மெதுவாகும்போதுதான் கியூடி அதிகம் நீளும். சோடலாலுக்கு பீட்டா தடுப்பு வேலையும் இருப்பதால், இதயத்தை மெதுவாக்குவதும் அதே மருந்துதான்.

கணக்குக்காக ஒரு நோயாளியை எடுத்துக்கொள்வோம். 68 வயது, சோடலால் சாப்பிடுபவர், சிறுநீரகம் சற்றுத் தளர்ந்தவர். இந்த மருந்து சிறுநீரகம் வழியாகத்தான் வெளியேற வேண்டும். எனவே ரத்தத்தில் தேங்குகிறது. நான்கு நாள் வயிற்றுப்போக்கில் பொட்டாசியமும் இறங்கிவிட்டது. தலை சுற்றுகிறது என்று வருகிறார். இசிஜியில் ஒரு சின்னக் கட்டம் 40 மில்லி விநாடி. இரண்டு துடிப்புகளுக்கு நடுவே 30 கட்டங்கள், அதாவது 1.2 விநாடி, நாடி 50. கியூடி 14 கட்டங்கள், 560 மில்லி விநாடி. நாடி மெதுவாக இருந்தால் கியூடி இயல்பாகவே சற்று நீளும் என்பதால், 1.2-இன் வர்க்கமூலமான 1.095-ஆல் வகுக்க வேண்டும். கிடைப்பது ஏறத்தாழ 511. 500-ஐத் தாண்டினால் ஆபத்து.

ஓய்வுக்குத் திரும்பத் தாமதிக்கும் செல்லில் அடுத்த துடிப்பு முன்கூட்டியே முளைக்கலாம். அப்போது கூர்முனைகள் அச்சைச் சுற்றி முறுக்கிய கயிறுபோல் ஓடும். டோர்சாட் என்று பெயர். நினைவு தப்பலாம், உயிரும் போகலாம்.

முதலில் சோடலாலை நிறுத்துகிறார்கள். ரத்தத்தில் மக்னீசியம் சரியாக இருந்தாலும் 2 கிராம் மக்னீசியம் சல்ஃபேட் நரம்பில் ஏற்றுகிறார்கள், பொட்டாசியத்தையும் ஈடுசெய்கிறார்கள். அப்படியும் முறுக்கு திரும்பத் திரும்ப வந்தால், தற்காலிக பேஸ்மேக்கர் கம்பி செலுத்தி நாடியை 90-க்கு மேல் ஓட்டுகிறார்கள். இதயம் வேகமெடுத்ததும் கியூடி சுருங்குகிறது.